உஷார்! ஒரே பெயரில் மூன்று பெட்டி

ஆணுறை கிழிந்துவிட்டது. விடிந்ததும் கணவர் லால்குடி கடைத்தெருவுக்கு ஓடுகிறார். மருந்துக் கடையில் கூட்டம். கூச்சத்தில் குரல் தாழ்கிறது. "அண்ணே, அன்வான்டட் இருக்கா?" கடைக்காரரும் அதே தாழ்ந்த குரலில், "கிட் தானே?" என்கிறார். இவருக்கு வித்தியாசம் தெரியாது. தலையாட்டுகிறார். காகிதப் பையில் சுற்றிய ஒரு பெட்டி கைக்கு வருகிறது.

அந்தத் தலையாட்டல் ஆபத்தானது. கடையில் நடக்கக்கூடிய இந்த இரண்டு வரிப் பேச்சில் ஒரு பெண்ணின் உயிர் தொங்குகிறது என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்வான்டட் என்ற பெயரில் ஒரே நிறுவனம் மூன்று வெவ்வேறு பொருள்களை விற்கிறது. அன்வான்டட்-72 என்பது அவசரக் கருத்தடை மாத்திரை. அன்வான்டட் 21 டேஸ் என்பது தினமும் ஒன்றாக 21 நாள் சாப்பிட வேண்டிய சாதாரணக் கருத்தடை மாத்திரை. அன்வான்டட் கிட் என்பது ஏற்கெனவே உண்டாகிவிட்ட கருவைக் கலைக்கும் மருந்து. முதலாவது கர்ப்பம் வராமல் தடுக்கப் பார்ப்பது. கடைசியானது கருப்பையைச் சுருங்க வைத்து, பல நாள் உதிரப்போக்கை உண்டாக்குவது. பெயரின் முதல் பாதியை மட்டும் சொல்லிக் கேட்டால் மூன்றில் எது கைக்கு வரும் என்பது கடைக்காரரின் ஊகம்தான்.

நம் ஊர்ப் பக்கம் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005இலேயே அனுமதித்தது. 2007இல் ஐ-பில் வந்தபோது தொலைக்காட்சி விளம்பரம் வழியாக அதன் பெயர் வீடுவீடாகப் போனது. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக் கடைகள் அதை வாங்கி வைப்பதில்லை. "இங்கே அது பேன்" என்று கடைக்காரர்களே நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் கெடுபிடிக்குப் பயந்து பல ஆண்டுகளாகத் தொடரும் பழக்கம் அது. இதன் விளைவுதான் கொடுமை. பாதுகாப்பான, ஒரே ஒரு மாத்திரை கடையில் கிடைக்காது. சீட்டும் மருத்துவர் மேற்பார்வையும் இல்லாமல் தரவே கூடாத கலைப்பு மருந்து சில இடங்களில் மேசைக்கு அடியிலிருந்து வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி பையில் போட்டுக் கொண்டுவருவாள். அல்லது யாரோ ஒருவர் அட்டையிலிருந்து வெட்டிய மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். எந்த வழியில் வந்தாலும், வாயில் போடுவதற்கு முன் பெட்டியைப் படித்தாக வேண்டும்.

எப்படிப் படிப்பது? மேலே பெரிதாக அச்சிட்டிருக்கும் வணிகப் பெயரை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே அல்லது பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். அவசரக் கருத்தடைப் பெட்டியில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஒரே மருந்துதான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எல் எழுத்தில் தொடங்கும் பெயர். பக்கத்தில் 1.5 மில்லிகிராம் என்று இருக்கும். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. ஐ-பில் ஆனாலும் அன்வான்டட்-72 ஆனாலும் அரசு தரும் ஈஸி பில் ஆனாலும் இதே மருந்து, இதே அளவு. "விலை கூடினது நல்லா கேக்குமாமே" என்பதெல்லாம் வீண் பேச்சு.

கலைப்புப் பெட்டியில் ஐந்து மாத்திரைகள் இருக்கும். ஒன்று மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம். மற்ற நான்கு மிசோபிரோஸ்டால், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம். இரண்டு பெயருமே ஆங்கில எம் எழுத்தில் தொடங்குபவை. கருக்கலைப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ இடத்தில் மருத்துவர் மேற்பார்வையில்தான் பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையும் பெட்டியில் அச்சாகியிருக்கும். ஆகவே எல் ஒன்று, எம் ஐந்து. இதை வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் சொல்லிவையுங்கள். கடைக்குப் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

எல் இருந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். தினசரி மாத்திரையிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கிறது. ஆனால் 0.15 மில்லிகிராம்தான். அவசர மாத்திரையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. கூடவே எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற இரண்டாவது மருந்தும் இருக்கும். அட்டையில் 21 மாத்திரை வரிசையாக நிற்கும். "எல்லாம் ஒரே மருந்துதானே, இதில் ஒன்று போட்டுக்கொள்" என்று யாராவது ஒற்றை மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்தால், அது அவசரத்துக்கு உதவவே உதவாது. புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பதை வெளிச்சத்தில் பாருங்கள். சில பெட்டிகளில் 0.75 மில்லிகிராம் மாத்திரை இரண்டு இருக்கக்கூடும். முன்பு அவற்றை 12 மணி நேர இடைவெளியில் போடச் சொன்னார்கள். இப்போது இரண்டையும் ஒரே வேளையில் போடுவதுதான் முறை. இரண்டாவது மாத்திரையை மறந்துபோகும் ஆபத்து அதில் இல்லை. காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் பெட்டியிலும் அட்டையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். எந்த மருந்து, எந்தத் தேதி என்று காட்ட அதில் ஒன்றுமே இல்லை.

இனி நேரக் கணக்கு. பெட்டியில் 72 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இதைப் பலர் "மூன்று நாள் டைம் இருக்கு" என்று புரிந்துகொண்டு மூன்றாம் நாள் வரை தள்ளிப்போடுகிறார்கள். அதுதான் கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஏறக்குறைய 2,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் இந்த மருந்தை எடுத்தவர்களிடம், உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடைபட்டன. இரண்டாம் நாளில் எடுத்தவர்களிடம் அது 85 சதவீதமாக இறங்கியது. மூன்றாம் நாளில் 58தான். பெட்டியில் போட்டிருப்பது கடைசிக் கெடு. மருந்து வேலை செய்யும் திறன் முதல் மணியிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது.

ஏன் குறைகிறது என்று தெரிந்தால்தான் மற்ற தவறான நம்பிக்கைகளும் விலகும். இந்த மாத்திரையின் முக்கியமான வேலை ஒன்றே. சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். அந்த நாள்களில் முட்டை வராவிட்டால் கரு உண்டாகாது. ஆனால் முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஏற்கெனவே எகிறத் தொடங்கிவிட்டால் மாத்திரையால் அதை நிறுத்த முடியாது. முட்டை வெளியே வந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கரு பதிந்த பிறகு எடுத்தால் கலையவும் கலையாது, கருவுக்குக் கெடுதலும் செய்யாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 டிசம்பரில் இதே மருந்தின் விவரக் குறிப்பைத் திருத்தி, கரு பதிவதை இது தடுப்பதில்லை என்பதைத் தெளிவுபடுத்தியது.

இங்கேதான் குழப்பம் எதிர்ப்பக்கமும் திரும்புகிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆன பெண், "அந்த 72 மாத்திரை போட்டால் கலைந்துவிடும்" என்று கேள்விப்பட்டு வாங்கிப் போடுகிறாள். ஒன்றும் நடக்காது. இன்னும் ஒன்று போடுகிறாள். வாரங்கள் ஓடுகின்றன. மருத்துவமனைக்குப் போகும்போது எளிதாக முடிந்திருக்க வேண்டியது சிக்கலாகியிருக்கிறது. ஆணுறை கிழிந்தவள் கலைப்பு மருந்தைப் போடுகிறாள், கர்ப்பமானவள் தடுப்பு மாத்திரையைப் போடுகிறாள். இரண்டு தவறும் அந்த ஒரே பெயரில்தான் பிறக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு ஜூன் 4ஆம் தேதி வந்தது, 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவள் என்று வைத்துக்கொள்வோம். முட்டை வெளியேறுவது ஏறக்குறைய ஜூன் 18. ஆணுறை கிழிந்தது ஜூன் 15, இரவு 11 மணிக்கு. மாதத்தில் மிகவும் ஆபத்தான நாள்களில் ஒன்று. கடிகாரம் அந்த 11 மணியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. "மறுநாள் காலையிலிருந்து" என்று கணக்கு வைத்தால் எட்டு மணி நேரம் சும்மா போய்விடும். 72 மணி நேரம் முடிவது ஜூன் 18, இரவு 11 மணி. அதாவது முட்டை வெளியேறக்கூடிய அதே நாள்! அவ்வளவு நேரம் காத்திருந்து போடும் மாத்திரை தடுக்க வேண்டியதைத் தடுக்கும் என்று எப்படி நம்புவது? ஜூன் 16 காலை கடை திறந்ததும் 10 மணிக்குப் போட்டிருந்தால் 11 மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

போட்டாள். நண்பகலுக்குள் வாந்தி எடுத்தால்? மாத்திரை விழுங்கிய 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் இன்னொரு முழு மாத்திரை போட வேண்டும். சில பெட்டிகளின் தாளில் 3 மணி நேரம் என்று இருக்கும். அப்படி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதற்குப் பிறகு வந்த வாந்தியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஜூன் 20ஆம் தேதி, "மாத்திரைதான் போட்டாச்சே" என்று மறுபடி பாதுகாப்பில்லாமல் சேர்கிறார்கள். இந்த ஒரு நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் மோசமானது. மாத்திரை முட்டையைத் தள்ளித்தான் வைத்திருக்கிறது. லால்குடிக்கு வெளியே சிக்னலுக்காக நிற்கும் ரயில் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவதுபோல, நிறுத்தப்பட்ட முட்டை சில நாள் கழித்து வரலாம். ஜூன் 18இல் வர வேண்டியது 22இல் வரலாம். 20ஆம் தேதி நுழைந்த விந்தணு அதற்காகக் காத்திருக்கும். ஆகவே மாத்திரை போட்ட பிறகு, அடுத்த மாதவிலக்கு வரும் வரை ஒவ்வொரு முறையும் ஆணுறை வேண்டும். போட்ட மாத்திரை முடிந்துபோன சேர்க்கைக்கு மட்டும்தான். வரப்போவதற்குக் காவல் இல்லை.

ஜூன் 22இல் துணியில் கொஞ்சம் ரத்தம் பட்டால் "நாள் வந்துவிட்டது, மாத்திரை கேட்டுவிட்டது" என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அது மாதவிலக்கே இல்லை. ஹார்மோன் ஏறி இறங்கியதால் வரும் சொட்டு உதிரம். மாத்திரை வேலை செய்ததற்கும் செய்யாததற்கும் அது சாட்சியாகாது. அதேபோல, ரத்தம் வரவில்லையே என்று பயந்து இரண்டாவது மாத்திரை போடுவதும் தவறு. இவளுக்கு அடுத்த மாதவிலக்கு வர வேண்டிய நாள் ஜூலை 2. மாத்திரை போட்ட மாதத்தில் அது ஒரு வாரம் முன்பின்னாக வரலாம். சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து, அதாவது ஜூலை 6க்குப் பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் பார்த்தால் விடை நம்பத்தக்கதாக இருக்கும். அதற்கு முன் "இல்லை" என்று காட்டினால் நம்ப வேண்டாம். 20ஆம் தேதியும் சேர்ந்திருந்தால் 21 நாள் கணக்கை அதிலிருந்து தொடங்க வேண்டும். ஜூலை 11 ஆகும்.

எல்லாருக்கும் இந்த மாத்திரை ஒரேபோல் கேட்பதில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிடோன் சாப்பிடுபவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் லெவோநார்ஜெஸ்ட்ரலை உடல் வேகமாக அழித்துவிடச் செய்கின்றன. இரண்டு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டு உடம்பு தேறிய இளம் மனைவியிடம் "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா?" என்று கேட்கும் கடைக்காரர் அரிது. அதனால் நாமே சொல்ல வேண்டும். உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் மருந்தின் திறன் குறையக்கூடும். பால் கொடுக்கும் தாய் தாராளமாகப் போடலாம்.

இவர்களுக்கும், 72 மணி நேரத்தைத் தவறவிட்டவர்களுக்கும் மாத்திரையைவிட மிகச் சிறந்த வழி ஒன்று இருக்கிறது. பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அது காப்பர் டி. சேர்ந்த ஐந்து நாளுக்குள், அதாவது 120 மணி நேரத்துக்குள், பொருத்தினால் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பம் தவிர்க்கப்படும். நம் கணக்கில் ஜூன் 20, இரவு 11 மணி வரை அவகாசம். எடை, காசநோய் மருந்து எதுவும் அதன் வேலையைக் குறைக்காது. அப்படியே விட்டால் பல ஆண்டுக்குக் கருத்தடையாகவும் இருக்கும். கருப்பையில் தொற்று இருக்கிறதா, ஏற்கெனவே கர்ப்பமா என்று பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் பொருத்துவார். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். லால்குடியிலும் ஸ்ரீரங்கத்திலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. போவதற்கு முன் 104க்கு அழைத்து எங்கே, எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈஸி பில் மாத்திரையும் அரசுத் திட்டத்தில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ நேராகக் கேளுங்கள். "அக்கா, அவசரத்துக்குப் போடுற கருத்தடை மாத்திரை இருக்கா?" என்ற முழு வாக்கியமாகவே கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் வேறு மாத்திரை கைக்கு வரும். பலவந்தத்தால் நேர்ந்தது என்றால், அரசானாலும் தனியாரானாலும் எந்த மருத்துவமனையும் இலவசமாக முதல் சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்பது சட்டம். அவசரக் கருத்தடையையும் அங்கேயே கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181.

அடிக்கடி போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி எப்போதும் வருகிறது. கர்ப்பப்பை கெட்டுவிடும், பிறகு குழந்தையே பிறக்காது என்று பயமுறுத்துகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. மாதவிலக்கு தாறுமாறாகும், எப்போது கர்ப்பம், எப்போது இல்லை என்றே தெரியாமல் போகும், தினசரி மாத்திரை அல்லது காப்பர் டி அளவுக்குப் பாதுகாப்பும் கிடைக்காது. மாதத்தில் இரண்டு முறை இதைத் தேடி அலைகிற வீட்டுக்கு நிரந்தர முறை ஒன்று தேவை என்பதுதான் அதன் பொருள்.

தவறுதலாகக் கலைப்புப் பெட்டி வந்து, மாத்திரையும் போட்டுவிட்டால் மறைக்காதீர்கள். முதல் மாத்திரை மட்டும்தான் போட்டிருந்தால் மற்ற நான்கையும் தொடாமல் பெட்டியோடு மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அது அடுத்த மணியிலும் தொடர்ந்தால், மயக்கம் வந்தால், காய்ச்சல் அடித்தால் 108ஐ அழையுங்கள். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் கலைப்பு மருந்து அதைக் கலைக்காது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்வரை வெளியே தெரியாமலே இருக்கலாம். அவசர மாத்திரை போட்ட பெண்ணுக்கும் சில வாரத்தில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால், "மாத்திரைச் சூடு" என்று சொல்லி மோர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். நாள் தள்ளிப்போய், ஒரு பக்க வலியும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

ஜூலை 6க்குப் பிறகு பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தால், மாத்திரை தோற்றது என்று பொருள். அதுவும் நடக்கிற ஒன்றுதான். கர்ப்பத்தைத் தொடர விரும்பினால், போட்ட மாத்திரையால் குழந்தைக்குக் கெடுதல் என்று பயப்பட வேண்டியதில்லை. தொடர முடியாத நிலை என்றால், கருத்தடை தோற்றது என்ற காரணத்தைச் சட்டம் ஏற்கிறது. 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அது பொருந்தும். 18 வயது நிரம்பியவள் கையெழுத்துப் போட்டால் போதும், கணவரோ பெற்றோரோ போட வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் போகும்போது போட்ட மாத்திரையின் காலி அட்டையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். எல் போட்டாளா எம் போட்டாளா என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் உறுதியாகத் தெரிந்துகொள்வார்.